செயற்கைக்கோளின் திசையமைவில் நேர்விகிதக் கட்டுப்பாடு மட்டும் ஏன் ஊசலாடுகிறது, வேகப் பின்னூட்டு அதை எப்படி அடக்குகிறது

கேள்வி: ஒரு சிறு செயற்கைக்கோளின் ஓர் அச்சை மட்டும் கணினியில் மாதிரியாக்கிப் பார்க்கிறேன். கோணப் பிழைக்கு நேர்விகிதமாக எதிர்த் திருப்பு விசை கொடுத்தால் அது நிற்காமல் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. பிழையைப் பெருக்கும் மாறிலி Kp-ஐக் கூட்டினாலும் குறைத்தாலும் ஊசலாட்டம் போகவில்லை. சுழலும் வேகத்தைப் பெருக்கும் மாறிலி Kd சேர்த்ததும் அடங்கிவிடுகிறது. இதற்குக் காரணம் என்ன?

பதில்:

நேர்விகித விதி கோணத்தை மட்டும் பார்த்துத் திருப்பு விசையை முடிவு செய்கிறது. செயற்கைக்கோள் அந்தக் கோணத்தை எந்த வேகத்தில் கடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே இலக்கை நோக்கித் திரும்பும்போது அது ஊட்டிய ஆற்றல் முழுவதும் இலக்கைக் கடந்த பின்புதான் திரும்ப வாங்கப்படுகிறது, அதுவும் சரிக்குச் சரியாக வாங்கப்படுகிறது. ஊட்டியதும் வாங்கியதும் சமமாக இருப்பதால் ஊசலாட்டம் தேய வழியில்லை. Kp-ஐ எந்த மதிப்புக்கு மாற்றினாலும் இந்தச் சமன் மாறுவதில்லை. வேகத்துக்கு எதிராகச் செயல்படும் ஒரு பகுதியைச் சேர்த்தால்தான் ஆற்றல் ஒருவழியாக வெளியேறத் தொடங்கும். இதைக் கணக்கோடு பார்த்தால் தெளிவாக விளங்கும்.

தரையில் சுழலும் எந்தப் பொருளுக்கும் தாங்கியின் உராய்வோ காற்றின் தடையோ உண்டு. ஒரு மேசைமீது மோட்டாரை வைத்து நேர்விகிதக் கட்டுப்பாட்டை மட்டும் சோதித்தால், சில முறை ஆடிவிட்டு அது நின்றுவிடும். நின்றது நம் கட்டுப்பாட்டின் திறமையால் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அங்கே தணிப்பைத் தந்தது உராய்வு. சுற்றுப்பாதையில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு அப்படி உதவ எதுவும் இல்லை என்றே சொல்லலாம். அதன் சுழற்சியைப் பொறுத்தவரை உள்ள விதி ஒன்றுதான்: நிலைமத் திருப்புத்திறன் J, கோண முடுக்கம் இரண்டின் பெருக்கல் திருப்பு விசை u-க்குச் சமம். திருப்பு விசையை ஒருமுறை தொகையிட்டால் கோணத் திசைவேகம் ω கிடைக்கும், அதை மறுபடி தொகையிட்டால் கோணம் θ கிடைக்கும். இரட்டைத் தொகையி என்று சொல்வது இதைத்தான். திருப்பு விசையை நிறுத்தினால் செயற்கைக்கோளும் நின்றுவிடாது. அந்த நொடியில் இருந்த வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமே வந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்காக நான் சில எளிய மதிப்புகளை வைத்துக்கொள்கிறேன். அச்சைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன் J = 10 கி.கி.மீ², நூறு கிலோவை ஒட்டிய ஒரு சிறு செயற்கைக்கோளுக்கு இது பொருந்தக்கூடிய அளவு. நேர்விகித மாறிலி Kp = 0.1 நியூட்டன் மீட்டர் ஒரு ரேடியனுக்கு. திருப்பு விசையைத் தருவது ஓர் எதிர்வினைச் சக்கரம்: உள்ளே மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் முடுக்கினால் செயற்கைக்கோளின் உடல் மறுபக்கம் திரும்பும். தொடக்கத்தில் செயற்கைக்கோள் இலக்கிலிருந்து 10 பாகை விலகி, அசையாமல் நிற்கிறது.

தொடக்கத்தில் நேர்விகித விதி −0.0175 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையைக் கேட்கும். உடல் மெல்ல இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கும். பிழை குறையக் குறையத் திருப்பு விசையும் குறையும், ஆனால் அதன் திசை மாறாது; 5 பாகையில் பாதி விசை, 1 பாகையில் பத்தில் ஒரு பங்கு விசை, எல்லாமே இன்னும் இலக்கை நோக்கியே தள்ளுகின்றன. எனவே இலக்கை அடையும் வரை வேகம் கூடிக்கொண்டேதான் போகும். 15.7 நொடியில் பிழை சுழியாகிறது. அந்த நொடியில் திருப்பு விசையும் சுழி. நேர்விகித விதியைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. ஆனால் செயற்கைக்கோள் அப்போதுதான் தன் உச்ச வேகமான நொடிக்கு 1 பாகையில் இலக்கைக் கடந்துகொண்டிருக்கிறது. எதிர்த் திசையில் பிழை தோன்றிய பிறகே பிரேக் விழத் தொடங்குகிறது. அந்தப் பிரேக்கும் முன்பு தள்ளிய விசையின் கண்ணாடிப் பிம்பம் போலவே இருப்பதால், மறுபக்கம் சரியாக 10 பாகை போன பிறகுதான் உடல் ஒரு கணம் நிற்கிறது. பிறகு அதே கதை மறுதிசையில் நடக்கிறது. ஒரு முழு அலைவுக்கு 62.8 நொடி.

சமன்பாட்டில் இது கோண முடுக்கம் = −(Kp/J)·θ என்று வருகிறது. பள்ளியில் படித்த தனிச்சீரிசை இயக்கத்தின் சமன்பாடே இது. உங்கள் கட்டுப்பாட்டு நிரல், விண்வெளியில் இல்லாத ஒரு சுருள்வில்லைச் செயற்கையாக உண்டாக்கிச் செயற்கைக்கோளை அதில் கட்டிவிட்டிருக்கிறது. சுருள்வில்லுக்கு நிலை ஆற்றல் உண்டு என்பதால் இந்தச் செயற்கை வில்லுக்கும் ஒரு நிலை ஆற்றலை எழுதலாம்: ½·Kp·θ². அதோடு சுழற்சியின் இயக்க ஆற்றல் ½·J·ω² என்பதையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று வகைக்கெழு எடுத்துப் பார்த்தால் ω·(u + Kp·θ) என்று வரும். u என்பது −Kp·θ என்றால் அடைப்புக்குறிக்குள் இருப்பது எப்போதும் சுழி. கூட்டு ஆற்றல் மாறவே மாறாது. தொடக்கத்தில் இருந்த 0.0015 ஜூல், கோணத்துக்கும் வேகத்துக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருக்கும், வெளியே போகாது.

Kp-ஐ மாற்றுவது ஏன் பயன் தரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆற்றல் மாறாது என்ற முடிவில் Kp-யின் மதிப்பு எங்கும் நுழையவில்லை. நான்கு மடங்காக்கி 0.4 என்று வைத்தால் வில் இறுகும், அலைவுக் காலம் பாதியாகி 31.4 நொடி ஆகும், இலக்கைக் கடக்கும் வேகம் நொடிக்கு 2 பாகையாக இரட்டிக்கும். வீச்சு மட்டும் அதே 10 பாகை. உண்மையான செயற்கைக்கோளில் இது இன்னும் தீங்கானது, ஏனெனில் அந்தக் கோண உந்தம் முழுவதையும் எதிர்வினைச் சக்கரம் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் கணக்கில் சக்கரம் 0.17 நியூட்டன் மீட்டர் நொடி வரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது, இரண்டாவதில் 0.35. இலக்கில் நிற்காமலே சக்கரத்தையும் மின்சாரத்தையும் தேய்க்கிறோம். Kp-ஐக் குறைத்தால் ஊசலாட்டம் மெதுவாகுமே தவிர, வீச்சு ஒரு கலைப்பாகைகூடக் குறையாது.

இதே நிலையை இயற்கையே ஏற்படுத்தும் ஓர் இடமும் உண்டு. நீளமான செயற்கைக்கோள் ஒன்றின் பூமிக்கு அருகான முனையைப் பூமி சற்றே கூடுதலாக ஈர்ப்பதால், அதன் நீள அச்சு பூமியை நோக்கி நிற்க முயலும். சிறு விலகல்களுக்கு இந்த ஈர்ப்புச் சரிவுத் திருப்பு விசை விலகலுக்கு நேர்விகிதமானது. அதாவது இது இயற்கை தரும் Kp. எதிர்பார்த்தபடியே அது ஊசலாட்டத்தை மட்டும் தருகிறது. 95 நிமிடத்தில் பூமியைச் சுற்றும் மெல்லிய நீண்ட கோள் ஒன்று, சுற்றுப்பாதைத் தளத்துக்குள் சுமார் 55 நிமிட அலைவுக் காலத்தோடு முன்னும் பின்னும் ஆடும். 1960களில் இவ்வகைக் கோள்களை உருவாக்கியவர்கள் நீளக் கம்பத்தை மட்டும் பொருத்திவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஆடும்போது ஆற்றலை வெப்பமாக இழக்கும் ஏதாவது ஒன்றைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது: பூமியின் காந்தப்புலத்தில் மீண்டும் மீண்டும் காந்தமாகித் தன் காந்தத் தயக்கத்தால் ஆற்றலை விழுங்கும் தண்டுகள், சுழிப்பு மின்னோட்டத் தணிப்பிகள் போன்றவை. கணினியே இல்லாத கோளிலும் நேர்விகிதத்துக்கு ஒரு கருவி, தணிப்புக்கு இன்னொரு கருவி என்று இரண்டு தேவைப்பட்டன.

இப்போது Kd-க்கு வருவோம். விதியை u = −Kp·θ − Kd·ω என்று மாற்றுகிறோம். மேலே எழுதிய ஆற்றல் கணக்கில் இதைப் போட்டால் Kp பகுதி முன்போலவே நீங்கிவிடும், மிஞ்சுவது −Kd·ω². வேகம் எந்தத் திசையில் இருந்தாலும் ω²-க்கு எதிர்க்குறி வராது, ஆகவே அசைவு இருக்கும் ஒவ்வொரு கணமும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். இந்த ஆற்றல் எங்கே போகிறது என்று சிலர் கேட்பார்கள். உராய்வில் போவதுபோல அது நேரே வெப்பமாவதில்லை. சக்கரத்தின் மோட்டார் வழியாக, வடிவமைப்பைப் பொறுத்து மின்தடையிலோ மின்கலத்திலோ போய்ச் சேரும். கோணக் கணக்கைப் பொறுத்தவரை அது திரும்பி வராது என்பதே வேண்டியது.

ஆற்றலைப் பற்றிப் பேசாமல், கட்டுப்பாட்டின் பார்வையிலிருந்தும் இதைப் புரிந்துகொள்ளலாம். எனக்கு இதுவே கூடுதலாகப் பயன்படுகிறது. விதியைச் சற்று மாற்றி u = −Kp·(θ + Td·ω) என்று எழுதுங்கள். Td என்பது Kd/Kp. அதன் அலகு நொடி. θ + Td·ω என்பது, இதே வேகத்தில் போனால் இன்னும் Td நொடி கழித்துக் கோணம் எங்கே இருக்கும் என்ற கணிப்பு. ஆக, வேகப் பகுதியைச் சேர்த்த விதி இப்போதைய பிழைக்கு எதிராகச் செயல்படாமல், சிறிது நேரம் கழித்து வரப்போகும் பிழைக்கு எதிராகச் செயல்படுகிறது. இலக்கை அடையும் முன்பே பிரேக் விழுவது இதனால்தான்.

நம் எடுத்துக்காட்டில் Kd = 1.4 என்று வைப்போம். இந்த எண் ஊசலாட்டம் எவ்வளவு வலுவாக அடக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் தணிப்பு விகிதத்திலிருந்து வந்தது; அது Kd ÷ (2·√(Kp·J)). நம் மதிப்புகளுக்கு √(Kp·J) சரியாக 1 என்பதால், Kd-யில் பாதியே தணிப்பு விகிதம், அதாவது 0.7. Td 14 நொடி. தொடக்கத்தில் வேகம் இல்லாததால் திருப்பு விசை முன்போலவே −0.0175. ஆனால் உடல் வேகம் பிடிக்கத் தொடங்கியதும் கணிப்புக் கோணம் உண்மைக் கோணத்தைவிட விரைவாகக் குறைகிறது. 11 நொடியில் பிழை இன்னும் 6.4 பாகை இருக்கிறது, வேகம் நொடிக்கு 0.46 பாகை, 14 நொடியை 0.46 ஆல் பெருக்கினால் அதே 6.4. கணிப்புக் கோணம் சுழி. இலக்குக்கு இன்னும் பாதிக்கு மேல் தூரம் இருக்கும்போதே திருப்பு விசை சுழியாகி, அடுத்த கணம் எதிர்த் திசையில் பிரேக்காக மாறுகிறது. வெறும் நேர்விகித விதி இதே இடத்தில் தன் உச்ச விசையில் மூன்றில் இரண்டு பங்கோடு இன்னும் இலக்கை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்திருக்கும். இரண்டு விதிகளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த இடத்தில் தெரிகிறது.

பிரேக் முன்கூட்டியே விழுந்ததால், 33 நொடியில் இலக்கைக் கடக்கும்போது வேகம் நொடிக்கு 0.1 பாகை மட்டுமே; முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. மறுபக்கம் 0.46 பாகை வரை போய், 44 நொடியில் திரும்பி, ஒரு நிமிடத்துக்குள் ஏறத்தாழ இலக்கில் அமர்ந்துவிடுகிறது. நேர்விகிதம் மட்டும் இருந்தபோது இந்த நேரத்தில் ஒரே ஒரு முழு அலைவு முடிந்து, செயற்கைக்கோள் தொடங்கிய 10 பாகைக்கே திரும்பி வந்திருந்தது.

Kd-ஐ மேலும் கூட்டினால் மேலும் நல்லதா என்றால், ஒரு வரம்பு வரைதான். நம் மதிப்புகளில் Kd = 2 ஆகும்போது இலக்கைத் தாண்டாமலே வந்து சேரும் மாறுநிலைத் தணிப்பு கிடைக்கிறது. Kd = 10 என்று வைத்தால் தணிப்பு விகிதம் 5; இப்போது வேகப் பகுதி மிக வலுவாக இருப்பதால் செயற்கைக்கோள் இலக்கை நோக்கி வேகம் பிடிக்கவே விடாது. பிழை நூறு நொடிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்து, இலக்கை நெருங்க ஏழு நிமிடம் போல ஆகும். ஊசலாட்டம் இல்லை, ஆனால் பயனும் இல்லை. 0.7-ஐ ஒட்டிய தணிப்பு விகிதத்தைப் பலரும் தேர்ந்தெடுப்பது, மிகச் சிறிய தாண்டலுக்கு விலையாக நல்ல விரைவு கிடைப்பதால்தான்.

இதுவரை சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. நீங்கள் கணினியில் செய்து பார்ப்பதால் இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். நேர்விகிதக் கட்டுப்பாடு மட்டும் இருந்தால் என்றென்றும் ஒரே வீச்சில் ஊசலாடும் என்பது தாளில் எழுதிய தொடர் சமன்பாட்டுக்கு மட்டுமே உண்மை. பறக்கும் கணினி நொடிக்கு ஒருமுறையோ நான்கு முறையோ கோணத்தைப் படித்து, திருப்பு விசையைக் கணக்கிட்டு, அடுத்த முறை வரை அதே விசையை மாற்றாமல் வைத்திருக்கும். அதனால் திருப்பு விசை எப்போதும் சற்றுப் பழைய கோணத்துக்கு உரியதாக இருக்கிறது. சராசரியாக அரை இடைவெளி தாமதம். தாமதித்த வில், உடல் இலக்கைக் கடந்த பிறகும் ஒரு கணம் அதே திசையில் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு அலைவிலும் ஊட்டுவது வாங்குவதைவிடச் சிறிது கூடுதலாகிவிடுகிறது. விளைவு, ஊசலாட்டம் வளரும்.

எவ்வளவு வளரும் என்பதைத் துல்லியமாகவே கணக்கிட முடியும். இடைவெளி T என்றால், ஒவ்வொரு அடியிலும் வீச்சு √(1 + Kp·T²/(2J)) மடங்காகிறது. இந்த எண் எந்த T-க்கும் ஒன்றைவிடப் பெரியது. நம் கோளில் T = 1 நொடி என்றால் அடிக்கு 0.25 விழுக்காடு வளர்ச்சி. பார்வைக்கு ஒன்றுமில்லைபோல் இருந்தாலும் ஓர் அலைவுக்கு 17 விழுக்காடு ஆகிறது, ஐந்து நிமிடத்துக்குள் வீச்சு இரட்டிக்கிறது. கீழே உள்ள சிறு நிரலை ஓட்டிப் பாருங்கள். ஓர் இடைவெளிக்குள் விசை மாறாது என்பதால் இதில் கோணமும் வேகமும் தோராயமாக அல்ல, சரியாகவே கணக்கிடப்படுகின்றன.

```python
J, Kp, Kd, T = 10.0, 0.1, 0.0, 1.0
th, w = 0.1745, 0.0
for k in range(300):
    u = -Kp*th - Kd*w
    th += w*T + 0.5*(u/J)*T*T
    w += (u/J)*T
    print(k+1, th, w, 0.5*J*w*w + 0.5*Kp*th*th)
```

கடைசி நெடுவரிசை கூட்டு ஆற்றல். `Kd = 0.0` என்றால் 300 நொடியில் அது சுமார் நான்கரை மடங்காகிறது. `Kd = 1.4` என்று மாற்றினால் ஓரிரு நிமிடத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகிறது. இடையில் ஒரு மதிப்பு கவனிக்கத்தக்கது: `Kd = 0.05`. இங்கே வேகப் பகுதி உறிஞ்சும் ஆற்றலும் தாமதம் ஊட்டும் ஆற்றலும் ஒன்றை ஒன்று சரியாக ஈடுசெய்கின்றன, ஏனெனில் இரண்டும் சமமாகும் இடம் Kd = Kp·T/2. கணினிக் கட்டுப்பாட்டில் தேயாத, வளராத ஊசலாட்டம் உண்மையில் இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது. உங்கள் மாதிரியில் Kd இல்லாமலே வீச்சு மாறாமல் இருந்தால், விசையைத் தொடர்ச்சியாகக் கணக்கிடுகிறீர்கள், அல்லது வேகத்தை முதலில் புதுப்பித்து அந்தப் புதிய வேகத்தால் கோணத்தை நகர்த்துகிறீர்கள் என்று பொருள். அந்த முறை ஆற்றலைச் சராசரியில் காப்பாற்றும். பழைய வேகத்தால் கோணத்தையும் பழைய கோணத்தால் வேகத்தையும் நகர்த்தும் எளிய ஆய்லர் முறையோ, தாமதம் இல்லாத இடத்திலும் வளர்ச்சியைப் புகுத்தும். அடி 1 நொடி என்றால் ஓர் அலைவுக்கு 37 விழுக்காடு வரை வளரும். அது இயற்பியலின் குற்றமல்ல, கணக்கிடும் முறையின் குற்றம். அடியைப் பத்தில் ஒன்றாக்கினால் வளர்ச்சியும் சுமார் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

தாமதம் ஏன் இவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்பதை அதிர்வெண் வழியாகப் பார்த்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: ஒவ்வொரு தொகையியும் தன்னுள் வரும் அலையைக் கால் அலைவு பின்தள்ளி 90 பாகைக் கட்டப் பின்னடைவைத் தருகிறது, இரண்டும் சேர்ந்து 180 பாகை, நேர்விகித மாறிலி அதில் எதையும் மாற்றுவதில்லை, ஆகவே நிலைத்தன்மைக்கு மிச்சமிருக்கும் கட்ட இடைவெளி சுழி, எந்தச் சிறு தாமதமும் விளிம்பிலிருந்து தள்ளிவிடப் போதும். Kd = 1.4 என்று சேர்த்த பிறகு இதே கோளுக்குக் கட்ட இடைவெளி 65 பாகையாகிறது. நேரமாக மாற்றினால், பின்னூட்டுச் சுற்றில் ஏழு நொடித் தாமதம் வந்தால்தான் கட்டுப்பாடு நிலைகுலையும். சக்கரத்தின் மோட்டார் தரும் பின்னடைவும், விண்மீன்களைப் படமெடுத்துக் கோணத்தை அறியும் விண்மீன் உணரி அந்தப் படத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் நேரமும், கணினியின் இடைவெளியும் சேர்ந்தாலும் இந்த ஏழு நொடிக்கு மிகக் குறைவாகவே இருக்கும்.

கோட்பாட்டில் எளிதாகச் சேர்த்த அந்த ω செயற்கைக்கோளில் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. எளிய வழி, விண்மீன் உணரி தரும் அடுத்தடுத்த இரண்டு கோணங்களின் வேறுபாட்டை இடைவெளியால் வகுப்பது. உணரியின் இரைச்சல் 10 விகலைப்பாகை, அதாவது ஒரு பாகையில் 360-இல் ஒரு பங்கு, நொடிக்கு நான்கு அளவீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு எடுக்கும்போது இரண்டு இரைச்சல்களும் சேர்கின்றன. கால் நொடியால் வகுக்கும்போது அது நான்கு மடங்காகிறது. Kd-ஆல் பெருக்கும்போது மேலும் பெரிதாகிறது. முடிவில் வேகப் பகுதி சக்கரத்துக்கு அனுப்பும் இரைச்சல் சுமார் 0.0004 நியூட்டன் மீட்டர். கோணப் பகுதி அனுப்புவதைப் போல ஏறத்தாழ 80 மடங்கு. சக்கரம் காரணமில்லாமல் இருபுறமும் துடித்துக்கொண்டிருக்கும். ஒரு வடிகட்டியைப் போட்டு இதை மழுப்பலாம், ஆனால் வடிகட்டி என்பது தாமதம். 65 பாகையிலிருந்து ஒரு பகுதியை அதற்குக் கொடுக்க வேண்டும். நம் கோளில் கொடுப்பதற்கு நிறையவே இருக்கிறது என்பதால் ஒரு நொடி அளவிலான வடிகட்டியை அஞ்சாமல் வைக்கலாம். விரைவான கோள்களில் அந்த வசதி இருக்காது.

அதனால்தான் பெரும்பாலான கோள்கள் வேகத்தை நேரடியாக அளக்கும் ஜைரோவைச் சுமந்து செல்கின்றன. ஜைரோவில் வகைக்கெழு எடுக்கும் வேலை இல்லை, ஆகவே அந்த இரைச்சல் பெருக்கமும் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு குறை இருக்கிறது: அசையாமல் இருக்கும்போதும் ஒரு சிறு வேகத்தைக் காட்டும் நிலைப்பிழை. நம் விதியில் அதன் விளைவைப் பார்ப்போம். ஜைரோ மணிக்கு 10 பாகை தவறாகக் காட்டினால் அது நொடிக்கு 10 விகலைப்பாகை. செயற்கைக்கோள் நின்ற நிலையில் Kp·θ-வும் Kd மடங்கு பொய்யான வேகமும் ஒன்றை ஒன்று ஈடுசெய்ய வேண்டும். ஆகவே கோணம் Td மடங்கு நிலைப்பிழை, அதாவது 140 விகலைப்பாகை விலகி நிற்கும். ஊசலாட்டம் முற்றிலும் அடங்கியிருக்கும், ஆனால் தவறான இடத்தில். இதைத் தீர்க்க, விண்மீன் உணரியையும் ஜைரோவையும் கால்மன் வடிகட்டியில் சேர்த்து, ஜைரோவின் நிலைப்பிழையையும் ஒரு தெரியாத அளவாகத் தொடர்ந்து மதிப்பிட்டுக் கழித்துக்கொள்வது வழக்கம்.

அந்த மதிப்பீடு தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ஹிட்டோமி எக்ஸ் கதிர் ஆய்வுக்கோள் வருத்தமான சான்று. 2016 பிப்ரவரியில் ஏவப்பட்ட அந்தக் கோளில், மார்ச் 26 அன்று, ஜைரோ நிலைப்பிழையின் மதிப்பீடு மணிக்கு 21.7 பாகை என்ற தவறான எண்ணில் நின்றுவிட்டது. விண்மீன் உணரியின் அளவீடுகள் அதைத் திருத்தப் பயன்படவில்லை. உண்மையில் அசையாதிருந்த கோள் சுழல்கிறது என்று கட்டுப்பாடு நம்பியது, அதை நிறுத்துவதாக எண்ணி நிஜமாகவே சுழற்றத் தொடங்கியது. வேகப் பின்னூட்டு தன் கடமையைத் துளியும் பிசகாமல் செய்தது. தான் சுழி என்று நம்பிய வேகத்தில் கோளை உறுதியாக நிறுத்தி வைத்தது. பிறகு பாதுகாப்பு நிலைக்குப் போனபோது உந்துபொறிகளுக்கான அமைப்பு எண்களும் தவறாக இருந்ததால் சுழற்சி அடங்காமல் கூடி, கோள் உடைந்து சிதறியது.

உங்கள் மாதிரியில் Kd சேர்த்த பின்னும் எப்போதாவது ஊசலாட்டம் திரும்பி வந்தால், முதலில் அலைவுக் காலத்தை அளந்து 2π·√(J/Kp)-யோடு ஒப்பிடுங்கள். நம் எண்களில் 62.8 நொடிக்கு அருகில் இருந்தால் வேகப் பகுதி விதியைச் சென்றடையவே இல்லை. பெரும்பாலும் வேகம் சுழியாகவே வந்திருக்கும், அல்லது பழைய மதிப்பிலேயே உறைந்திருக்கும். வீச்சு ஓர் அலைவுக்குள்ளேயே பல மடங்கு வளர்ந்தால் வேகத்தின் குறி மாறியிருக்கிறது, Kd ஆற்றலை எடுப்பதற்குப் பதில் ஊட்டிக்கொண்டிருக்கிறது. வீச்சோடு அலைவுக் காலமும் சேர்ந்து நீண்டுகொண்டே போனால், சக்கரம் தன் உச்சத் திருப்பு விசையில் முட்டிவிட்டது. அந்த நிலையில் விதி எவ்வளவு விசையைக் கேட்டாலும் அதே அளவுதான் கிடைக்கும், ஆகவே Kp-யையும் Kd-யையும் திருத்துவதற்கு முன்பு கேட்கும் கோண மாற்றத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.